53-லிருந்து 26 போனால்

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில், கடலுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். தலைமையாசிரியரும் நானும்தான் ஆசிரியர்கள். பிள்ளைகள் மொத்தம் 23 பேர். முதல் வகுப்பில் 4, இரண்டில் 5, மூன்றில் 6, நான்கில் 3, ஐந்தில் 5. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ராத்திரியெல்லாம் மணல் உள்ளே வந்து கிடக்கும். காலையில் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் பாயை விரிக்க முடியும்.

60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்குப்படி எங்களுக்கு ஆள் குறைவில்லை. ஆனால் தலைமையாசிரியருக்குக் கூட்டம் இருக்கும், பயிற்சி இருக்கும், பதிவேடு கொண்டுபோக வேண்டியிருக்கும். என்னையும் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஒரு நாளாவது, சில வாரம் இரண்டு நாளும், ஒருவர்தான் பள்ளியில் இருப்போம். அதனால் ஈராசிரியர் பள்ளிக்கும் பாடத்திட்டம் போடும்போது ஒரே ஆள் என்று வைத்துத்தான் போட வேண்டும். இரண்டாவது ஆள் இருக்கும் நாளில் வேலை இன்னும் நன்றாக நடக்கட்டும். அவர் இல்லாத நாளில் வேலை நின்றுவிடக் கூடாது.

இந்தப் பதிவில் கழித்தல் கணக்கைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். குறிப்பாக, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு. பாடப்புத்தகம் அதை இனமாற்றம் என்கிறது. ஐந்து வகுப்பையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டு உட்காரும்போது என்னென்ன நடக்கிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த ஒரு கணக்குதான்.

வேலைக்கு வந்த புதிதில் ஐந்து வகுப்பையும் ஐந்து வரிசையாக உட்காரவைத்தேன். ஒரு மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் வகுப்புக்கு 12 நிமிஷம். முதல் வகுப்புக்கு 12 நிமிஷம் சொல்லிக் கொடுப்பேன், "இத ரெண்டு தடவ எழுதுங்க" என்று விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போவேன். அப்போதெல்லாம் என் கவலை முழுக்க அந்த 12 நிமிஷத்தை எப்படி நன்றாக நடத்துவது என்பதில்தான். ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரே கணக்கை ஏழு முறை எழுதியிருந்தான். ஏழு முறையும் தப்பு. எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நான் அவனுக்குக் கொடுத்தது 12 நிமிஷம்தான். மீதி 48 நிமிஷத்தில் அவன் தப்பைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான்.

பல வகுப்பை ஒன்றாக நடத்துவது என்றால், நான் பக்கத்தில் இல்லாத அந்த 48 நிமிஷத்துக்கு வேலை தயார் செய்வதுதான். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

இது நான் கண்டுபிடித்த விஷயமில்லை. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளுக்காகவே அட்டைகளும் கற்றல் ஏணியும் உருவாக்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-இல் அது தமிழ்நாடு முழுக்க வந்தது. ஏணிப்படி, மைல்கல், குழு அட்டை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், சுவரைச் சுற்றிப் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை என்று எல்லாமே அப்போது வந்தவை. இப்போது 2022-இலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். பெயரும் புத்தகமும் மாறிக்கொண்டே வந்தாலும், பிள்ளையை வகுப்பை வைத்துப் பார்க்காமல் நிற்கும் படியை வைத்துப் பார்ப்பது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. எங்கள் மாதிரிப் பள்ளிக்கு அது உயிர் மாதிரி. ஏன் என்று கழித்தல் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

பிள்ளைகளைக் குழுவாகப் பிரிப்பதற்கு முன்னால், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய தேர்வெல்லாம் வேண்டாம். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே துண்டுச் சீட்டில் நான்கு கணக்கு: 8 - 3, 47 - 23, 53 - 26, 402 - 158. ஐந்தாம் வகுப்புக்கும் 8 - 3 உண்டு. இரண்டாம் வகுப்பு 402-ஐப் பார்த்து எழுதாமல் விட்டாலும் சரிதான். "தெரிஞ்சத மட்டும் போடு, தெரியாதத விட்ரு" என்று சொல்லிவிடுவேன். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

முதலில் அந்த மூன்றாவது கணக்கு 53 - 26 இல்லை. 52 - 27 என்று வைத்திருந்தேன். பாதிப் பிள்ளைகள் 35 என்று எழுதிவைத்தார்கள். சரி, எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்தினேன். சிலருக்கு விளங்கியது, சிலருக்கு ஒன்றுமே நகரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து "எப்படிப் போட்ட, சொல்லிக்கிட்டே போடு" என்று கேட்டபோதுதான் புரிந்தது. ஒரு பிள்ளை 2-லிருந்து 7 போகாது என்பதால் திருப்பி 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறது, பிறகு 5-லிருந்து 2 போனால் 3. விடை 35. இன்னொரு பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கி 12-லிருந்து 7-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறது. ஆனால் பத்தில் ஒன்று குறைந்ததை மறந்துவிட்டு 5-லிருந்து 2 போக 3 என்கிறது. அதற்கும் விடை 35. முதல் பிள்ளைக்கு எண்ணைப் பிரிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டாவது பிள்ளைக்கு முக்கால்வாசி தெரியும். இரண்டும் ஒரே விடையில் வந்து நின்று என்னை ஏமாற்றிவிட்டன.

ஒன்றின் இடத்து இலக்கங்களுக்கு நடுவில் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இப்படித்தான் ஆகும். 53 - 26-இல் அந்த வித்தியாசம் 3. திருப்பிப் போட்டுக் கழிக்கும் பிள்ளை 33 என்று எழுதும். கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறக்கும் பிள்ளை 37 என்று எழுதும். சரியான விடை 27. சீட்டைப் பார்த்ததுமே யாருக்கு என்ன வைத்தியம் என்று தெரிந்துவிடும். 23 பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு நேரம் கிடையாது. சீட்டுதான் எனக்குப் பதிலாகக் கேட்க வேண்டும். அதனால் கேள்விக்கு எண்களை எடுக்கும்போது நிதானமாக எடுக்க வேண்டும்.

இந்த ஆண்டு அந்தச் சீட்டைப் பார்த்து மூன்று குழு பிரித்தேன். முதல் குழுவில் முதல் வகுப்பு 4 பேர், இரண்டாம் வகுப்பில் 4 பேர், மூன்றாம் வகுப்பில் ஒருவன், ஆக 9 பேர். இவர்களுக்குப் பத்து என்பது ஒரு கட்டு என்பதே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது குழுவில் 8 பேர்: இரண்டாம் வகுப்பில் ஒருத்தி, மூன்றில் 4 பேர், நான்கில் 2 பேர், ஐந்தில் ஒருவன். இவர்கள்தான் 33-உம் 37-உம் எழுதியவர்கள். மூன்றாவது குழுவில் மீதி 6 பேர்: ஐந்தாம் வகுப்பில் 4, நான்கில் ஒருவர், மூன்றில் ஒருவர். இவர்கள் 53 - 26-ஐச் சரியாகப் போட்டவர்கள்.

குழுவுக்குப் பிள்ளைகளே மீன் பெயர் வைத்தார்கள். ஊளி, பாறை, சீலா. மூன்றுமே நல்ல விலைக்குப் போகிற மீன் என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பெற்றோருக்குத்தான் இருந்தது. பாறைக் குழுவில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா, கருவாடு காயப்போட்டுவிட்டு நேராக வந்து வாசலில் நின்றார்கள்.

"என்ன டீச்சர், எம் மகன ரெண்டாங்கிளாசுப் புள்ளையோட உக்கார வச்சிருக்கீகளாம்? அவென் வீட்டுக்கு வந்து சோறு திங்காம படுத்துட்டான்."

அவர்களை உட்காரச் சொல்லிப் பையனின் சீட்டைக் காட்டினேன். அதோடு எடை, பணம் சம்பந்தமான கணக்குச் சீட்டையும் காட்டினேன். அதில் அவன்தான் முதல். ஏலத்துக்கு அப்பாவோடு போகிறவன். கிலோ 180 ரூபாய் என்றால் இரண்டரைக் கிலோ எவ்வளவு என்று கேட்டால் தாள் இல்லாமலே 450 என்று சொல்லிவிடுவான். "அக்கா, இந்தக் கணக்குல அவன் கீழ, அந்தக் கணக்குல அவன்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுப்பான். கழித்தல் முடிஞ்சதும் இந்தக் குழுவையே கலச்சிருவேன்" என்றேன். சமாதானமானார்கள். அந்தப் பேச்சைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. கழித்தலுக்கு ஒரு குழு, எடைக்கு ஒரு குழு, தமிழ் வாசிப்புக்கு வேறு குழு. ஒரே குழுவை வருஷம் முழுக்க வைத்துக்கொண்டால், அது பிள்ளைக்குப் பட்டமாக ஒட்டிக்கொள்ளும். வகுப்பு வரிசையில் உட்காரவைத்ததை விட மோசமாகப் போய்விடும்.

இப்போது தனியாக இருக்கும் ஒரு நாளின் 90 நிமிஷத்தைச் சொல்கிறேன். கரும்பலகையில் எழுதவேண்டியதை முந்தின நாள் சாயங்காலமே எழுதிவிடுவேன். காலையில் முடியாது. காலை உணவு பரிமாறும் நேரம், வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்றும் நேரம், சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போய் நிற்கும் நேரம். பிள்ளைகள் உள்ளே வரும்போது அவரவர் குழுவின் பலகையில் அவரவர் வேலை தயாராக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் முதல் கால் மணி நேரம் கூச்சலில் போய்விடும்.

முதல் 10 நிமிஷம் எல்லாரும் ஒன்றாக. ஒரு எண்ணைச் சொல்வேன், கைதட்டுவது பத்து, சொடக்கு ஒன்று. 34 என்றால் மூன்று கைதட்டல், நான்கு சொடக்கு. முதல் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாகச் செய்யக்கூடிய வேலை இது. பிறகு 20 நிமிஷம் ஊளிக் குழுவோடு. 5 நிமிஷம் எல்லாப் பலகையையும் ஒரு சுற்று. 20 நிமிஷம் பாறைக் குழுவோடு. மறுபடி 5 நிமிஷம் சுற்று. 20 நிமிஷம் சீலாவோடு. கடைசி 10 நிமிஷம் திருத்தம்.

சின்னவர்களிடம் முதலில் உட்காருகிறேன். காலையில்தான் அவர்களுக்குக் கவனம் இருக்கும். அப்புறம் நான் எழுந்துபோனாலும் அவர்கள் செய்ய ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் எண்ணைச் சொல்ல, ஜோடியில் இருக்கும் மற்றவர் ஈர்க்குக் கட்டையும் உதிரிக் குச்சியையும் எடுத்து வைக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஜோடி. அது ஓடும்.

நான் இல்லாத நேரத்துக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். புதிதாக எதையும் கொடுக்கக் கூடாது. என்னோடு உட்கார்ந்து மூன்று கணக்காவது சரியாகப் போட்ட வகைதான் தனி வேலையாகப் போகும். இதை மீறிய நாளெல்லாம் நான் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்க, மற்ற குழுவிலிருந்து "டீச்சர், இது எப்படி டீச்சர்" என்று வரிசையாக வந்து நின்றார்கள். பிள்ளைகள் அடங்கவில்லை என்று நினைத்துச் சத்தம் போட்டிருக்கிறேன். அடங்காமல் வரவில்லை, தெரியாததைக் கேட்க வந்தார்கள்.

பாறைக் குழுவோடு நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். முதலில் வலை நூலால் கட்டினோம். முடிச்சை அவிழ்ப்பதற்குள் பிள்ளைக்குக் கணக்கே மறந்துபோனது. ரப்பர் பேண்ட்தான் சரி. 53 என்றால் ஐந்து கட்டு, மூன்று உதிரி. பையன் முன்னால் அவற்றை வைத்து, "எனக்கு 26 குச்சி வேணும், குடு" என்று கையை நீட்டினேன். உதிரி மூன்றையும் என் கையில் வைத்தான். ஆறு வேண்டும் என்றேன். என் கையைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி "கட்டப் பிரிண்ணே" என்றாள். அவன் ஒரு கட்டை எடுத்து ரப்பரை உருவினான். பத்துக் குச்சியும் பாயில் பரவியது. அதிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு முழுக் கட்டையும் கொடுத்தான். மிச்சம் இரண்டு கட்டு, ஏழு உதிரி.

அந்த ரப்பரை உருவுகிற நொடியில் நிறுத்தி எழுத வைக்க வேண்டும். கட்டு பிரிந்ததும் பலகையில் 5-ஐ அடித்து மேலே 4, மூன்றுக்குப் பதில் 13. குச்சியில் ஒரு அசைவு, எழுத்தில் ஒரு அசைவு. இன்றைக்குக் குச்சி, நாளைக்கு எழுத்து என்று பிரித்து நடத்திப் பார்த்தேன். குச்சியில் 27 என்று சரியாகச் சொன்ன அதே பிள்ளை எழுத்தில் மறுபடி 33 என்று எழுதியது. அவர்களுக்கு அது இரண்டும் வேறு வேறு விஷயமாக இருந்தது.

கடன் வாங்குவது என்ற சொல்லை இப்போது விட்டுவிட்டேன். "எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வலைக்கும் டீசலுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிற வீட்டுப் பிள்ளை. கடன் என்றால் அதற்குத் திருப்பிக் கொடுப்பதுதான். பத்திலிருந்து வாங்கியதைக் கடைசியில் பத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்து 37 எழுதிய பிள்ளைகளும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கட்டைப் பிரிப்பது என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பிரித்த கட்டு பிரிந்ததுதான்.

நான் சீலாவிடம் போன பிறகு பாறைக் குழு சுவர்ப் பலகையில் ஆறு கணக்கு போட வேண்டும். கையில் குச்சி இருக்கும். விடை சரியா என்று யாரைக் கேட்பது? முன்பு அட்டைக்குப் பின்னால் விடையை எழுதி வைத்திருந்தேன். கணக்கைப் போடாமல் அட்டையைத் திருப்பிப் பார்த்து விடையை மட்டும் எழுதினார்கள். இப்போது விடையே கொடுப்பதில்லை. கழித்து வந்த விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிப் பக்கத்தில் எழுத வேண்டும். 27-உம் 26-உம் கூட்டினால் 53 வந்ததா, கீழே ஒரு கோடு. வரவில்லையா, மறுபடி கட்டை எடு. 33 எழுதிய பிள்ளை 33-உம் 26-உம் கூட்டும்போது 59 வருகிறது. "தப்பு" என்று நான் சொல்லாமலே அது நிமிர்ந்து பார்க்கும். அந்தக் கூட்டல்தான் நான் இல்லாத நேரத்து டீச்சர்.

நோட்டில் எழுதாமல் சுவர்ப் பலகையில் எழுத வைப்பதற்கும் காரணம் உண்டு. நோட்டு குனிந்த தலைக்கு அடியில் இருக்கும், எனக்குத் தெரியாது. சுவரில் இருந்தால் ஆறு பேரோடு உட்கார்ந்துகொண்டே தலையைத் திருப்பி எட்டுப் பலகையையும் பார்த்துவிடுவேன். யார் கோடு போட்டிருக்கிறார்கள், யார் இரண்டாவது கணக்கிலேயே நிற்கிறார்கள் என்று தெரியும். செயல்வழிக் கற்றல் வந்தபோது கட்டிய அந்தத் தாழ்வான பலகைகளைச் சில பள்ளிகளில் வெள்ளையடித்து மூடிவிட்டதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. இரண்டு டப்பா கறுப்புப் பெயின்ட் வாங்கி மறுபடி அடித்துவிடலாம்.

சிக்கிக்கொண்ட பிள்ளை என்ன செய்வது? எங்கள் பள்ளியில் ஆளுக்கொரு சிப்பி இருக்கிறது. தெரியவில்லை என்றால் முதலில் குச்சியை எடுத்துச் செய்துபார், பிறகு பக்கத்துப் பிள்ளையைக் கேள், அப்படியும் வரவில்லை என்றால் சிப்பியைப் பலகைக்கு அடியில் மல்லாத்தி வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போ. நான் 5 நிமிஷச் சுற்றில் வரும்போது மல்லாந்த சிப்பியிடம் மட்டும் நிற்பேன். எழுந்து என்னிடம் வரக் கூடாது. இது பழக மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் நானும் வாக்குத் தவறாமல் சுற்று வர வேண்டும். ஒரு நாள் சுற்றை விட்டுவிட்டால் மறுநாள் எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள்.

பெரிய பிள்ளையை வைத்துச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாரும் செய்கிற வழி. அதில் நான் செய்த ஒரு தவறு இன்னும் என்னை உறுத்துகிறது. சில வருஷத்துக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பொறுமைசாலி. சின்னப் பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொள்ளும். வருஷம் முழுக்க அவளையே முதல் வகுப்போடு உட்கார வைத்தேன். எனக்கு வசதியாக இருந்தது. வருஷக் கடைசியில் பார்த்தால் அவளுக்குப் பின்னம் ஒன்றுமே தெரியவில்லை. பின்னம் நடத்திய நேரமெல்லாம் அவள் தாழ்வாரத்தில் அகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் தம்பியைத் தூக்கி வைத்திருந்தவள், பள்ளியிலும் அதையே செய்தாள்.

இப்போது தலைவர் வாரத்துக்கு ஒருவர், ஆணும் பெண்ணும் மாறி மாறி. சொல்லிக்கொடுக்கும் நேரம் ஒரு நாளைக்கு 10 நிமிஷம், அதற்கு மேல் இல்லை. தலைவர் மற்றவர் சாக்பீஸைத் தொடவே கூடாது. பெரிய பிள்ளைகள் உதவி என்றால் கையிலிருந்து பிடுங்கி எழுதிக் கொடுப்பார்கள். "எப்படிப் போட்ட?" என்று கேட்க மட்டும்தான் அனுமதி. அந்த ஒரு கேள்வியிலேயே பாதித் தப்பு தானாகச் சரியாகிறது.

எல்லாவற்றையும் இப்படிச் செய்துவிட முடியாது. முதல் வகுப்புப் பிள்ளை எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு பெரியவரின் காது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். கழித்தல் தப்பு சுவரில் தெரியும், வாசிப்புத் தப்பு காற்றில் போய்விடும். அதனால் தலைமையாசிரியர் இருக்கும் நாட்களில் முதல் மணி நேரத்தை வாசிப்புக்கு ஒதுக்கி, முதல் இரண்டு வகுப்பையும் என்னோடு தனி அறைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். தனியாக இருக்கும் நாளில் கணக்கு, பாட்டு, கதை. அதைத்தான் அன்றைக்கு நம்ப முடியும்.

இந்தக் கரையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாசி எடுக்கும் அம்மாக்கள் விடியுமுன் தீவுக்குப் படகு ஏறிவிடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மூத்த பிள்ளைக்கு அன்றைக்குப் பள்ளி இல்லை. மாதத்தில் இப்படிச் சில நாள் விழும். வகுப்பு வரிசையில் பாடம் நடந்தால் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். படியாக வைத்திருந்தால், விட்ட இடம் அதற்கே தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீள அட்டை, அதில் கழித்தலின் ஆறு படிகள். முடித்த படியில் நானே தேதி போடுவேன். விடுப்பு முடிந்து வரும் பிள்ளை அட்டையைப் பார்த்து நேராக அந்தப் படி நடக்கும் இடத்தில் போய் உட்காரும். நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு முந்தின இரண்டு நாளில் புதுப் படி எதையும் தொடங்குவதில்லை. பழையதைத்தான் ஓட்டுவேன்.

வேலை கெட்டுப்போகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு குழுவோடு நான் உட்காரும் 20 நிமிஷத்தில் மற்ற குழுக்களிலிருந்து எத்தனை பேர் எழுந்து வருகிறார்கள் என்று நோட்டு ஓரத்தில் கோடு போட்டுக்கொள்வேன். இரண்டு மூன்று கோடு என்றால் சரி. ஆறு ஏழு ஆனால் அன்றைக்குக் கொடுத்த தனி வேலை கடினம். ஒரு கோடும் இல்லாமல் ஒரு குழு ரொம்ப அமைதியாக இருந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். வேலை எளிதாக இருந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், அல்லது ஒருவர் போட எல்லாரும் பார்த்து எழுதியிருப்பார்கள்.

மூன்று வாரம் கழித்து பாறைக் குழுவில் ஒருத்தியைத் தவிர மற்ற ஏழு பேருக்கும் 71 - 38 கொடுத்தேன். ஆறு பேர் 33 என்று சரியாக எழுதினார்கள். அதில் அந்த ஐந்தாம் வகுப்புப் பையனும் உண்டு. ஒருவன் 43 எழுதினான். கட்டைப் பிரிக்கிறான், 7-ஐ அடிக்க மறக்கிறான். நான்கு நாள் குச்சியும் எழுத்தும் சேர்த்துப் போட்டால் போதும். அந்த ஒருத்தி பௌர்ணமிக்கு வீட்டில் நின்றுவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள். அவளுக்குச் சீட்டே கொடுக்கவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் படியில் உட்கார்ந்தாள்.

சீலாக் குழுவில் 402 - 158-க்கு மூன்று பேர் 254 என்று எழுதியிருக்கிறார்கள். நூறுக் கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாக்கினார்கள், அதில் ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் பத்தாம் இடத்தில் 9 ஆனதை 10 என்றே வைத்துவிட்டார்கள். பத்துப் பத்துக் கட்டுகளை ஒரு பெரிய ரப்பரில் போட்டு நூறுக் கட்டுகள் கட்ட வேண்டும். நான்கு நூறுக்கு 400 ஈர்க்கு வேண்டும், இருப்பது 260. திங்கட்கிழமைக்குள் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.